அக்கா மூச்சு வாங்கும் இடம்

அன்னவாசலில் என் ரெக்கார்டிங் கடைக்கு ஊராட்சித் தலைவர் வேட்பாளர் ஒருவர் தன் வீட்டுக்காரருடன் வந்தார். இல்லை, வீட்டுக்காரர் வந்தார், வேட்பாளர் அவர் பின்னால் வந்தார். பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது, அதனால்தான் அந்த அக்கா நிற்கிறார். பிரச்சார ஆட்டோவில் போட ஒரு பதிவு வேண்டும் என்றார்கள்.

தண்ணீர்த் தொட்டி கட்டியும் மேலத்தெருக் குழாயில் காற்றுதான் வருகிறது என்று அக்கா பேசினார். வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்ததை அவர் படிக்கவில்லை. ஒரு வாக்கியம், ஒரு மூச்சு, அடுத்த வாக்கியம். எனக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது.

பின்னணிக்குத் தவிலும் நாதஸ்வரமும் வைத்தேன். குரல் வந்தால் இசை தானாகத் தணியும், குரல் நின்றால் ஏறும். கணினியில் இப்படி அமைப்பதை டக்கிங் என்போம். துணிக்கடை விளம்பரத்துக்கு வைத்திருந்த அளவிலேயே முதலில் ஓடவிட்டேன். விளம்பரக்காரர்கள் மூச்சே விடுவதில்லை. அக்கா மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் தவில் எகிறி, அடுத்த சொல்லின் தலையை விழுங்கியது.

"பாத்தியாம்மா, இவளுக்குக் கோர்வையாப் பேச வரல. நானே பேசிடுறேன், மைக்கப் போடு" என்றார் வீட்டுக்காரர்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணே, கோளாறு அக்கா பேச்சுல இல்ல. பாட்டு திரும்ப ஏறுற வேகத்துல இருக்கு. செத்த அங்கிட்டு உக்காருங்க."

அக்கா அடங்கிய குரலில் சொன்ன சொற்களுக்கும் இசை இறங்க வேண்டும், குரல் தொடங்கிய உடனே இறங்க வேண்டும். இரண்டையும் மாற்றினேன். குரல் நின்றால் அவர் மூச்சு வாங்கும் நேரத்தைவிடக் கூடுதலாகக் காத்திருந்து, பிறகு மெல்ல ஏறும்படி வைத்தேன். ஹெட்போனில் தெளிவாகக் கேட்டது. அதை நம்பி அனுப்ப நான் என்ன பைத்தியமா? ஆட்டோவின் கூம்பு ஸ்பீக்கரில் தவிலின் கனத்த சத்தம் எடுபடாது, நாதஸ்வரம் குரலோடு மல்லுக்கு நிற்கும். வாசலில் நின்ற ஆட்டோவிலேயே போட்டுக் கேட்டு, குரலுக்குக் கீழே இசையை இன்னும் தணித்தேன்.

"பாட்டக் கொறச்சா யாரும்மா திரும்பிப் பாப்பா?" என்றார் வீட்டுக்காரர்.

"பாட்டுக்கா ஓட்டுக் கேக்குறீங்க?" என்றேன். வந்த கிராக்கி போனால் போகட்டும்.

மறுபடி ஆட்டோவில் போட்டோம். எதிர் டீக்கடையில் பேச்சு நின்றது. பேருந்துக்கு நின்ற ஒரு பெண், "எங்க தெருவுலயும் காத்துதான் வருது" என்று எங்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"என் கொரலா இது?" என்று அக்கா கேட்டார்.

வீட்டுக்காரர் விடவில்லை. உள்ளே போய் மைக் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டார். "சரி, கடைசியில மட்டும் ரெண்டு வார்த்தை நான் பேசிடுறேன்."

அக்கா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "நான் பேசி முடிச்சதும் பாட்ட முழுசா ஏத்திரு தங்கச்சி. அதுக்கப்பறம் யாரும் பேச வேணாம்."

ஏற்றினேன். பதிவை அங்கேயே முடித்து, பென் டிரைவை அக்காவின் கையில் கொடுத்தேன்.