எட்டாயிரம் என்று வைத்துக்கொண்டால்

இராயபுரத்தில் துறைமுகக் கூலிகள் வந்துபோகும் சின்ன ஆஸ்பத்திரி அது. 1952இல் அதன் பின்கட்டு அறையில் மைக்ராஸ்கோப்போடு குடித்தனம் நடத்தியவர் தவசிமுத்து. மனைவி போய் ஆறு வருஷம். நாளெல்லாம் ஊரார் ரத்தத்தைப் பார்ப்பார், ஒருவர் முகத்தையும் பார்க்கமாட்டார். "சாப்பிட்டாயா" என்று கேட்க நாதியில்லை.

கனமான ரத்தப் பூச்சில் சாயம் ஏற்றி, இருநூறு வெள்ளணுக்களை எண்ணுவார். கூடவே கண்ணில் படும் மலேரியாக் கிருமிகளையும் எண்ணுவார். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் வெள்ளணு எட்டாயிரம் என்று வைத்துக்கொண்டு, எண்ணிய கிருமியை நாற்பதால் பெருக்கிச் சீட்டில் எழுத வேண்டும். ஒவ்வொருவருக்கும் வெள்ளணுவை அளக்க யாருக்கு நேரம்? எல்லோருக்கும் எட்டாயிரம்தான்.

மூட்டை தூக்கும் மஜீதுக்கு முதல்நாள் இருநூறு வெள்ளணுவுக்கு அறுநூறு கிருமி. இருபத்துநாலாயிரம் என்று எழுதினார். மாத்திரை கொடுத்த மூன்றாம் நாள் நூற்றைம்பதுதான். ஆறாயிரம். சீட்டு வார்டுக்குப் போனது, டாக்டர் அருள்நாதன் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்.

மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வைக்குத் தெரிவது ஒரு வட்டம்; எத்தனை வட்டத்தில் எண்ணி முடித்தோம் என்று நோட்டின் ஓரத்தில் குறிப்பது தவசிமுத்துவின் வழக்கம். யாரும் கேட்டதில்லை, பேச்சுத்துணைக்கு ஆளில்லாதவன் கிறுக்கல் என்றே வைத்துக்கொள்ளலாம். முதல்நாள் இருபது வட்டம். இன்றைக்கு ஐந்தே வட்டம். இரண்டு நாளும் வட்டத்துக்கு முப்பது கிருமி. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிருமி குறையவில்லை, வெள்ளணுதான் பெருகியிருக்கிறது. மருந்து கேட்கிறது என்று பொய் சொன்னது அவர் கையெழுத்துப் போட்ட சீட்டு.

வார்டுக்கு ஓடினார். மஜீது கண்மூடிக் கிடந்தான், மூச்சு இரைத்தது. விரலில் குத்தி ரத்தம் எடுத்து வந்து, கட்டம் போட்ட கண்ணாடியில் வெள்ளணுவை நேராகவே எண்ணினார். முப்பத்திரண்டாயிரம். அதை வைத்துப் பெருக்கினால் கிருமி மறுபடி இருபத்துநாலாயிரம்.

"என் கணக்கு தப்பு, டாக்டர். அவனை அனுப்பாதீங்க."

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். நிமோனியா, வெள்ளணு பெருகியது அதனால்தான். பென்சிலின் போட்டு, மலேரியாவுக்குப் பழைய மாத்திரையை நிறுத்திக் குயினைன் கொடுத்தார். "நல்லவேளை, தவசி" என்றார். அந்த ஒரு வார்த்தையைத் தவசிமுத்து இரண்டு நாள் வைத்து ஓட்டினார்.

பன்னிரண்டு நாளில் மஜீது எழுந்து நடந்தான். அவன் மனைவி மரியம் டாக்டருக்கு, நர்சுக்கு, தோட்டிக்கு என்று எல்லோருக்கும் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆசையை அடக்க முடியாமல் தவசிமுத்து போய் வார்டு வாசலில் நின்றார். தட்டில் இன்னும் ஒன்று இருந்தது.

மரியம் அவரைப் பார்த்தாள்.

"யாரைப் பாக்க வந்துகீற, நைனா?"

நோட்டைப் புரட்டாமலே அவள் புருஷனின் ரத்தக் கணக்கு முழுவதையும் அவரால் ஒப்பித்திருக்க முடியும்.

"யாரையும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குத் திரும்பினார்.