அண்ணி அழித்த மெசேஜ்

இரும்புலியூரில் மாவுக்கடை வைத்திருக்கும் கங்கையம்மாளிடம் 'செய்யாதே' என்று யாராவது சொன்னால் போதும், அதைச் செய்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். நிலம் பிரித்த சண்டையில் அண்ணன் வீட்டோடு அவளுக்குப் பேச்சு நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அன்று காலை அண்ணி நம்பரிலிருந்து வாட்ஸப்பில் ஏதோ வந்திருந்தது. திறந்து பார்த்தால், 'இந்த மெசேஜ் நீக்கப்பட்டது' என்ற வரி மட்டும்தான் இருந்தது.

"திட்டி அனுப்பிட்டு, பயந்து அழிச்சிக்கீது. நீ கண்டுக்காத," என்றார் கணவர் லோகநாதன்.

"நீ படிச்சியா? நானும் படிக்கல. அப்புறம் இன்னாத்துக்கு ரெண்டு பேரும் கத கட்டணும்? ஏதோ வந்துச்சின்னு தெரிஞ்சிபோச்சி. தெரியாத மாதிரி நடிக்க என்னால ஆவாது."

அதற்காக, 'என்ன அனுப்பினே, ஏன் அழிச்சே' என்று குடையவும் அவளுக்கு மனமில்லை. அழித்தது அண்ணியின் இஷ்டம். மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தட்டினாள்:

'அண்ணி, நீங்க அழிச்ச மெசேஜ நான் படிக்கல. ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க. இல்லன்னாலும் பரவால்ல.'

நீல டிக் விழுந்தது. 'டைப்பிங்' என்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது.

'பால்காரருக்கு அனுப்பினது, தப்பா உனக்கு வந்துடுச்சி.
நீ எப்படி இருக்க கங்கா?'

எட்டிப் பார்த்த லோகநாதன் விழுந்து விழுந்து சிரித்தார். "பால்காரருக்காம்! இதுக்கா இவ்ளோ?"

கங்கையம்மாள் போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"ரெண்டாவது வரியையும் படிய்யா."