மூடி மாற்றியதால் வந்த பழி

ஏனக்கா என்றுதான் கடையில் எல்லோரும் அவளைக் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் ‘ஏன்’ என்று ஆரம்பிப்பவளுக்கு வேறு என்ன பேர் வைப்பது? ஒரு காலத்தில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தவள். அவளுடைய கணினி வாரம் ஒரு முறை படுத்துக்கொள்ளும், பழுது பார்க்கிறவரோ மாதம் ஒரு முறைதான் எட்டிப்பார்ப்பார். பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் அவளே திருப்புளியை எடுத்துத் திறந்துவிட்டாள். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு அப்புறம் விடவேயில்லை.

பத்தொன்பது வருஷமாகத் தன் மாமாவின் லேப்டாப் பழுதுக் கடையில், வாசலைப் பார்த்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள். கோபக்காரிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அவள் கையில் கொடுத்த சாமானில் ஒரு திருகாணிகூட மாறாது. வேலை முடிந்ததும் அடிப்பக்கத்துத் திருகாணி ஒன்றின் தலையில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைப்பாள். பொட்டு கலைந்திருந்தால் வேறு யாரோ திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தப் பொட்டைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தப் பொட்டுக்குத்தான் ஒரு சனிக்கிழமை காலையில் சோதனை வந்தது.

கணக்கு டீச்சர் ஒருத்தி லேப்டாப்பைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். முந்தின வாரம்தான் உடைந்த ஸ்கிரீனுக்கு, அது பதித்த மேல்மூடியோடு வேறு ஸ்கிரீன் போட்டு வாங்கிப் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடல்தாண்டி இருக்கும் தம்பியோடு கார் பந்தய கேம் விளையாடுவது அவளுக்கு வழக்கம். அக்கா தம்பி இரண்டு பேரும் பேசிக்கொள்வதே அந்தப் பந்தயத்துக்கு நடுவில்தானாம். போன ஞாயிறு கார் திக்கித் திக்கி நகர்ந்திருக்கிறது. முன்பெல்லாம் நொடிக்குத் தொண்ணூற்றிரண்டு படம் காட்டிய மெஷின், இப்போது முப்பத்தி நாலுதான் காட்டுகிறது. கணக்கு டீச்சரல்லவா, எண்ணைக் குறித்தே வைத்திருந்தாள்.

“உள்ளே இருந்த என் போர்டை எடுத்துட்டுப் பழசு ஒண்ணைப் போட்டிருக்கீங்க,” என்றாள் டீச்சர். குரலை உயர்த்தவில்லை. காத்திருந்த நாலு பேருக்கும் கேட்டது.

ஏனக்காவுக்குச் சுருக்கென்றது. போர்டில் படம் வரைகிற கிராபிக்ஸ் சிப்பின் பேரைத் திரையில் எடுத்துக் காட்டினாள். பேர் அதேதான், வேகம்தான் அது இல்லை என்றாள் டீச்சர். ஏனக்கா லேப்டாப்பைக் கவிழ்த்துச் சிவப்புப் பொட்டைக் காட்டினாள்.

“பொட்டு வச்சதே நீங்கதானே?”

நியாயமான கேள்வி. பத்தொன்பது வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. ஏனக்காவுக்கு முகம் சிவந்துபோயிற்று. மாமா நைசாகப் பக்கத்தில் வந்து, அந்த ஸ்கிரீனைத் திருப்பி எடுத்துக்கொண்டு காசைக் கொடுத்து ஆளை அனுப்பிவிடு, வம்பு எதற்கு என்று காதைக் கடித்தார். அப்படி அனுப்பினால் திருடினேன் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகாதா என்று அவள் சீறினாள். அதைவிடப் பெரிய அரிப்பு ஒன்று உள்ளே இருந்தது. தொண்ணூற்றிரண்டு ஏன் முப்பத்தி நாலு ஆனது?

டீச்சருக்கு நாற்காலி போட்டாள். “எதிர்லயே உக்காருங்க. உங்க கண்ணு முன்னாடியே எல்லாம் பண்றேன்.”

முதலில் சார்ஜரைப் பார்த்தாள். பேட்டரியில் ஓடினால் மெஷின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சார்ஜர் சரியாகத்தான் இருந்தது. விசிறியில் தூசி அடைத்துச் சூடாகிறதா என்று பார்த்தாள். அதுவும் இல்லை. கேமை ஓடவிட்டாள். முப்பத்தி நாலு.

மேஜைக்கடியில் அட்டைப்பெட்டி ஒன்று. கழற்றிய பழைய சாமானை ஒரு மாதம் அதில் வைத்திருப்பது அவள் வழக்கம். டீச்சரின் பழைய ஸ்கிரீன், மூடியும் கேபிளுமாக அப்படியே அதில் கிடந்தது. குறுக்கே விரிசல், ஓரத்தில் கறுப்புத் திட்டு, மிச்சம் முக்கால்வாசி நன்றாகவே தெரியும். புது மூடியைக் கழற்றி, அந்த நொண்டி மூடியை மாட்டி, கேமைத் திறந்தாள்.

விரிசலுக்குப் பின்னால் கார் சும்மா பறந்தது. மூலையில் தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு.

டீச்சர் நாற்காலியை மேஜையோடு ஒட்டி இழுத்துப்போட்டுக்கொண்டாள். போர்டைத் தொடவேயில்லை என்பதை அவளும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள். அப்படியானால் புது ஸ்கிரீன்தான் கோளாறு என்றாள், குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அப்போதுதான் ஏனக்காவுக்குப் பொறி தட்டியது. ஸ்கிரீன் மாற்றிய அந்த வாரம் சாதாரண ஃபுல் எச்டி மூடி கிடைக்கவில்லை. இதே மாடலில் ஃபோர்கே மூடி ஒன்று கையில் இருந்தது. பாவம் டீச்சர், நல்லதாகவே போட்டுக்கொள்ளட்டும் என்று அதே விலைக்கு மாட்டிவிட்டிருந்தாள். உங்கள் அதிர்ஷ்டம் என்று பெருமையாகச் சொல்லவும் செய்திருந்தாள். நல்லது செய்யப்போய் வாங்கிக் கட்டிக்கொண்ட பழி இது.

பழைய ஸ்கிரீனில் குறுக்கே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது புள்ளி, நெடுக்கே ஆயிரத்து எண்பது. புதியதில் இரண்டுமே இரட்டிப்பு. சொல்லி முடிப்பதற்குள் டீச்சர் மனக்கணக்குப் போட்டுவிட்டாள்.

“இருபது லட்சத்துச் சொச்சம் எண்பத்திரண்டு லட்சத்துச் சொச்சமாயிடுச்சு. நாலு மடங்கு.”

அதேதான். கேம் செட்டிங்ஸில் ‘திரை எவ்வளவோ அவ்வளவு’ என்றே இருந்தது. பெரிய திரையைக் கண்டதும் கேம் தானாகவே எண்பத்திரண்டு லட்சம் புள்ளியையும் வரையச் சொல்லி சிப்பை விரட்டியிருக்கிறது. சிப் பலவீனமாகவில்லை, தலையில் ஏறிய சுமைதான் நாலு மடங்கு.

டீச்சர் விடவில்லை. நாலு மடங்கென்றால் இருபத்தி மூன்றல்லவா வர வேண்டும், முப்பத்தி நாலு எப்படி என்றாள். ஏனக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. தன்னைப்போல ஏன் கேட்கிற ஆள் எத்தனை நாள் கழித்துக் கிடைத்திருக்கிறாள்! வண்டி எங்கே திரும்புகிறது, எதில் மோதுகிறது என்கிற கணக்கெல்லாம் திரை பெரிதானாலும் சிறிதானாலும் ஒன்றுதான், புள்ளி வரைகிற வேலைதான் ஏறுகிறது, அதனால் வேகம் அப்படியே கால்வாசியாக விழாது என்று விளக்கினாள். டீச்சர் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். காத்திருந்த நாலு பேரும் மேஜையைச் சுற்றி நின்றார்கள்.

புது மூடியை மறுபடி மாட்டி, கேமில் மட்டும் ரெசல்யூஷனை ஃபுல் எச்டிக்கு இறக்கினாள். தொண்ணூற்றொன்று. படம் ஒரு துளி மங்கல் என்றாள் டீச்சர். கிராபிக்ஸ் செட்டிங்ஸில் ஒரு பொத்தானைத் தட்டினாள் ஏனக்கா. கேமின் ஒரு புள்ளிக்குத் திரையின் நாலு புள்ளி என்று கச்சிதமாகப் பொருந்திக்கொண்டது. விளிம்புகள் பழையபடி கூர்மையாயின.

“இந்த சிப்புக்கு இந்த கேமை ஃபோர்கேல ஓட்டச் சக்தி பத்தாது. ஃபுல் எச்டின்னா தாராளம்,” என்றாள் ஏனக்கா. “மாட்டினப்பவே இதைச் சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு. பழைய மாதிரி மூடியே வேணும்னா வரவழைச்சுத் தரேன்.”

டீச்சர் தன் வினாத்தாள் ஒன்றைத் திறந்து பார்த்தாள். பின்னங்களும் வர்க்கமூலங்களும் ஃபோர்கே திரையில் அச்சடித்ததுபோல் நின்றன. இதுவே இருக்கட்டும் என்றாள்.

ஏனக்கா திருகாணிகளை முடுக்கினாள். கடைசித் திருகாணிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. இழுப்பறையிலிருந்து நகப்பூச்சுச் சீசாவை எடுத்து டீச்சர் பக்கம் தள்ளினாள். “இந்தத் தடவை நீங்களே வச்சிடுங்க.”

டீச்சர் சீசாவைத் திறந்தாள். சிறு தூரிகையைப் பார்த்தாள், சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். பிறகு சீசாவை அவள் கையிலேயே திருப்பி வைத்தாள்.

“நீங்களே வைங்க அக்கா,” என்றாள், வந்தபோது தான் சொன்னதைக் கேட்ட அந்த நாலு பேருக்கும் கேட்கும்படியாக. “நீங்க வச்சாத்தான் அதுக்கு மதிப்பு.”

ஏனக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. பொட்டு கொஞ்சம் கோணலாக விழுந்தது, அவள் அதைத் துடைத்துத் திருத்தவில்லை.