நாலு கை நட்சத்திர மீன்

எண்ணிப் பார்க்காமல் எதையும் நம்பும் பழக்கம் எனக்கு இல்லை. மருந்துக் கடையில் வாங்கும் மாத்திரை அட்டையைக்கூட அங்கேயே நின்று எண்ணுகிறேன். கடைப்பையன்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். விலங்கியல் பாடத்தை ஆயுள் முழுக்கச் சொல்லிக் கொடுத்தவனுக்கு எண்ணுவது தொழில். கால் எத்தனை, துடுப்பு முள் எத்தனை, கை எத்தனை என்று பார்த்த பிறகுதான் பெயரே வரும்.

எழுபதுகளின் கடைசியில் கோவில்பட்டிக் கல்லூரி ஒன்றில் வேலை பார்த்தேன். எங்கள் துறையின் அருங்காட்சியகம் என்பது மூன்று கறுப்பு அலமாரிகள். கடல் பிராணிகள் நடு அலமாரியில் ஃபார்மலின் மருந்து ஊற்றிய ஜாடிகளுக்குள் இருந்தன. எல்லாமே வெள்ளை. நட்சத்திர மீன் வெள்ளை, கடல் முள்ளெலியின் உருண்டை ஓடு வெள்ளை, கடல் அட்டை சுருங்கிப்போன வெள்ளை. கரிசல் காட்டுப் பிள்ளைகள் கடலை அந்த வெள்ளையில்தான் படித்தார்கள். சொல்லிக் கொடுத்த நாங்களும் ஏறக்குறைய அப்படித்தான்.

அதனால் கடைசி வருட மாணவர்கள் ஒரு தடவையாவது கடற்கரைக்குப் போய்வர வேண்டும் என்று விதி இருந்தது. போய்வந்து அறிக்கை எழுத வேண்டும். அதில் துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் செய்முறைத் தேர்வுக்கு உட்கார முடியும். கையெழுத்து இல்லையென்றால் ஒரு வருடம் போச்சு. பெண்பிள்ளைகளுக்கு ஒரு வருடம் போவது என்றால் பெரும்பாலும் படிப்பே போவதுதான்.

அந்த வருடம் ஒரு பெண் எங்களோடு வரவில்லை. விளாத்திகுளம் பக்கத்து ஊர். அப்பா மிளகாயும் பருத்தியும் போடுகிற கிறிஸ்தவர். ராத் தங்குகிற பயணத்துக்குப் பெண்ணை அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இப்படிப்பட்டவர்கள் சொந்தத்தில் யாரோடாவது போய்வரலாம், ஆனால் அங்கே எடுத்த போட்டோவை அறிக்கையில் ஒட்ட வேண்டும் என்று ஒரு வழி வைத்திருந்தோம். அவளுடைய அக்காள் கிழக்கே கடலோர ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அக்காள் புருஷன் அங்கே பள்ளிக்கூட வாத்தியார்.

அவள் கொண்டுவந்த அறிக்கையில் ஒரே ஒரு போட்டோ. கறுப்பு வெள்ளை, உள்ளங்கை அகலம். பாறைக் குழியில் தேங்கிய தண்ணீர், அதற்குள் நாலைந்து உருவங்கள். கீழே எழுதியிருந்தாள்: நட்சத்திர மீன் ஒன்று, கடல் முள்ளெலி ஒன்று, கடல் அட்டை இரண்டு, பவளம் ஒன்று.

துறைத் தலைவர் அதைப் பார்த்ததும் என்னைக் கூப்பிட்டார். முந்தின வருடம் ஒருவன் காலண்டரில் இருந்து வெட்டி ஒட்டியதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டு, மேலிடத்தில் பேச்சு வாங்கியவர் அவர்.

"என்னவே, இந்த நட்சத்திர மீனுக்குக் கை எத்தனை?"

எண்ணினேன். "நாலு, அண்ணாச்சி."

"நம்ம ஜாடியில இருக்கிறதுக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஜாடியில் இருந்ததற்கும் நாலுதான். எப்போதோ கீழே விழுந்து ஒரு கை ஒடிந்திருந்தது.

"இந்தா, மூலையில வெள்ளையா உருண்டையா கிடக்குல்லா. பவளமாம். நம்ம அலமாரியில இருக்க முள்ளெலி ஓடுதான்வே அது. முள்ளு உதிர்ந்த ஓடு. அட்டைன்னு எழுதியிருக்காளே, அது ரெண்டும் கரிக்கட்டை. கடல் அட்டை எங்கயாவது கறுப்பா இருக்குமா? ஜாடியை எடுத்துட்டுப் போயி ஏதோ கிணத்துத் தொட்டியில போட்டுப் படம் பிடிச்சிருக்கா."

நான் நேராக அலமாரிக்குப் போனேன். ஜாடிகள் எல்லாம் இருந்தன. ஆனால் மற்ற மூடிகளின் மேல் தூசி கனமாகப் படிந்திருக்க, நட்சத்திர மீன் ஜாடி மூடி மட்டும் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. இது போதாதா? ஆய்வக அட்டெண்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"மருந்து வத்திப்போச்சுன்னு நாந்தான் சார் போன வாரம் ஊத்தினேன். சாவி என் இடுப்பை விட்டு எங்க போவுது?"

வெயிலில் ஜாடி வற்றுவது உண்மைதான். ஆனால் நட்சத்திர மீன் ஜாடி மட்டும் ஏன் வற்ற வேண்டும்? மூடியின் மெழுகு விட்டிருந்தது என்றான். பார்த்தேன், விட்டிருந்தது. இருந்தாலும் அவன்மேலும் எனக்கு ஒரு சந்தேகம் விழுந்துவிட்டது.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டோம். மெலிந்தவள். பயந்தாள், ஆனால் தலை குனியவில்லை.

"யாரும்மா எடுத்தா இதை?"

"அத்தான் சார். வள்ளத்துல தீவுக்குக் கூட்டிட்டுப் போனாவ. அக்காளும் வந்தா. தண்ணி வத்தின நேரம் பாத்து இறங்கினோம்."

"நீ இறங்கினியா?"

"நான் இறங்காம எப்படி சார் எழுதுவேன்?"

"அதைத்தான் நாங்களும் கேக்குதோம்" என்றார் தலைவர்.

போட்டோவை லென்ஸ் வைத்துப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்தது. நெகட்டிவைக் கொண்டு வரச் சொன்னோம். மறுநாள் ஒற்றை நெகட்டிவ் வந்தது. மற்றவற்றோடு சேர்ந்த சுருளாக இல்லை. ஸ்டூடியோக்காரர் நறுக்கிக் கொடுத்துவிட்டார் என்றாள். ஏன் நறுக்கினார்? முன்னும் பின்னும் என்ன இருந்தது? கேட்டால், அக்காள் குடும்பப் படம், அதை அவர்களே வைத்துக்கொண்டார்கள் என்றாள். எனக்குத் திருப்தியில்லை. பெரிதாக்கப் போடுவதற்கு அவளையும் அட்டெண்டரையும் நம்பாமல் நானே ரயில் நிலையச் சாலை ஸ்டூடியோவுக்குப் போய், கண்முன் கழுவி எடுக்கச் செய்து, ஈரம் காய்வதற்கு முன் வாங்கிவந்தேன்.

துறை அறையில் மேசைமேல் பெரிய படத்தை விரித்தோம். ஒரு பக்கம் ஜாடிகளையும் வைத்தோம். அவள் கதவோரம் நின்றாள்.

முதலில் உருண்டை. முள் உதிர்ந்த முள்ளெலி ஓடு என்றால் அதற்கு ஒரு நடு உண்டு. உச்சியிலிருந்து ஐந்து பட்டைகள் கீழிறங்கும், பட்டைதோறும் சின்னத் துளைகள் இணை இணையாக ஓடும். ஜாடியில் இருந்த ஓட்டில் அந்த ஐந்தையும் விரலால் தொட்டுக் காட்டலாம். படத்தில் இருந்த உருண்டைக்கு நடு என்பதே இல்லை. மேலெல்லாம் சின்னச் சின்னக் கிண்ணங்கள், ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு. ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் மெல்லிய தகடுகள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நின்றன. ஒரு கிண்ணம் என்பது ஒரு பிராணி. நட்சத்திர மீன், முள்ளெலி, அட்டை மூன்றும் ஒரே தொகுதி, உடம்பு ஐந்தின் கணக்கு. பவளம் வேறு, தகடுகள் ஆறின் மடங்கில் வரும். ஆறா பன்னிரண்டா என்று எண்ணுமளவுக்குப் படம் தெளிவில்லை. எண்ண முடியாதது என்னை வாட்டியது. ஆனால் ஓட்டுக்கு இத்தனை கிண்ணங்கள் கிடையாது.

"பவளம்தான், அண்ணாச்சி."

"சரி. கரிக்கட்டை?"

கரிக்கட்டைமேல் மணல் ஒட்டியிருந்தது. முழுக்க அல்ல. முதுகில் இரண்டு வரிசையாக வட்ட வட்டமாக மணல் இல்லாத இடங்கள். கட்டையில் மணல் அப்படி வரிசை பார்த்து ஒட்டாது. உயிரோடு இருக்கிற கறுப்பு அட்டை மணலைப் போர்த்திக்கொள்ளும் என்று புத்தகத்தில் இருந்தது. எங்கள் ஜாடி அட்டை மருந்தில் வெளுத்து, கட்டைவிரல் நீளத்துக்குச் சுருங்கியது. அதை வைத்துக்கொண்டு இதைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

நட்சத்திர மீனுக்கு வந்தோம். இங்கேதான் எனக்குப் பயமிருந்தது. ஜாடி மீனின் ஒடிந்த இடம் மொட்டையாக இருந்தது. படத்தில் அதே இடம் என்று நாங்கள் நினைத்த இடத்தில் ஒரு சின்ன முனை நீட்டிக்கொண்டிருந்தது. அடி அகலம், நுனி கூர்மை. கை முளைத்துக்கொண்டிருந்தது. ஆக நாலு அல்ல, நாலும் ஒரு குழந்தைக் கையும்.

"உயிருள்ளதுக்குத்தானே முளைக்கும்" என்றேன்.

தலைவர் தாடையைத் தடவினார். "உயிருள்ளதுதான், ஒத்துக்கிடுதேன். கடல்ல எடுத்ததுதான். ஆனா இவ அங்க நின்னான்னு எதுவே சொல்லுது? அத்தான் போனாரு, எடுத்தாரு, தபால்ல அனுப்பினாரு. இவ வீட்டுல உக்காந்து பேரு எழுதிட்டா."

அந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது. அவர் சொல்லிவிட்டதால் எனக்கு இன்னும் பலமாக இருந்தது. கதவோரம் அவள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

மிச்சமிருந்தது முள்ளெலி. நீள முள் கறுப்பு ஜாதி. முட்களை எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். ஆனால் ஒன்று உறுத்தியது. முட்கள் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நிற்கவில்லை. ஒரு பக்கத்து முட்கள் கொத்தாகச் சாய்ந்து ஒரே திசையைக் காட்டின. நிழல் விழுந்தால் இந்த ஜாதி முட்களை அந்தப் பக்கம் திருப்பும். வருடாவருடம் நான் குறிப்புச் சொல்லி எழுதவைத்த வரி அது, கண்ணால் பார்த்ததில்லை. அப்படியானால் நிழல் எங்கே?

அப்போதுதான் படத்தை மொத்தமாகப் பார்த்தேன். குழியின் ஓரங்களில் வானம் பளபளத்து ஒன்றும் தெரியவில்லை. நடுவில் மட்டும் தண்ணீர் இருந்ததே தெரியாத அளவுக்குத் தெளிவு. அந்தத் தெளிவுக்கு ஓர் எல்லை இருந்தது. வளைவு, ஒரு மூலை, வளைவு, ஒரு மூலை. குடை. வெளிச்சக் கூச்சத்தை மறைக்க யாரோ குடை பிடித்திருக்கிறார்கள். மூலைகளை எண்ணினேன். ஏழு கூர்மையாக இருந்தன. எட்டாவது இடத்தில் துணி தொங்கி உள்ளே மடங்கியிருந்தது.

எழுந்து வராந்தாவுக்குப் போனேன். வகுப்புப் பிள்ளைகளின் குடைகள் ஜன்னல் கம்பியில் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன். வேறு வகுப்பு மாணவன் ஒருவன் என்னை விநோதமாகப் பார்த்துக்கொண்டே போனான். கடைசிக்கு முந்தினதில் ஒரு கம்பி ஒடிந்து துணி தொங்கியது.

அதை விரித்தபடியே உள்ளே கொண்டுபோனேன்.

"யாருடையதும்மா இது?"

"என்னோடதுதான் சார். கம்பி ஒடிஞ்சிருக்கு, பாத்து மடக்குங்க."

குடையையும் படத்தையும் தலைவர்முன் வைத்தேன். அவரும் எண்ணினார். ஏழு, ஒரு தொங்கல். இரண்டிலும் தொங்கலுக்கு அடுத்த மூலை கொஞ்சம் வளைந்திருந்தது.

"நீதான் பிடிச்சியா?"

"தண்ணி மினுங்கி ஒண்ணுமே தெரியலன்னு அத்தான் சொன்னாவ. நான் பிடிச்சேன். அந்த முள்ளுப் பந்து உடனே சிலுத்துக்கிட்டு. அக்கா கத்திட்டா."

தலைவர் பேனாவைத் திறந்தார். பிறகு மூடினார். நான் நினைத்ததையே அவரும் நினைத்தார் என்று தெரிந்துவிட்டது.

"குடையை அத்தான்கிட்ட இரவல் குடுத்து அனுப்பியிருக்கலாம்லா?"

அந்தப் பெண் முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தாள்.

"ஒடிஞ்ச குடையை யாரு சார் இரவல் கேப்பா?"

தலைவர் தொப்பை குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அறிக்கையை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டேன். போட்டிருந்தார்.

அவள் அறிக்கையை வாங்கிக்கொண்டாள். குடையை என் கையிலிருந்து வாங்கி, ஒடிந்த கம்பியை விரலால் உள்ளே தள்ளி, பதமாக மடக்கினாள். பெரிய படத்தை மட்டும் நான் தரவில்லை. துறைக்கு வேண்டும் என்று சொல்லி நடு அலமாரியில் ஜாடிகளுக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன். அந்தப் பவள உருண்டையின் ஒரு கிண்ணத்திலாவது தகடுகளை எண்ணிவிட வேண்டும் என்று பிறகும் பல நாள் லென்ஸோடு உட்கார்ந்திருக்கிறேன். பதினொன்றுவரை வரும். பன்னிரண்டாவது இருந்தாக வேண்டும்.