நூற்றைம்பது வருடத்துக்கு ஒரு செக்கன்

பூமியின் வயதை ஒரு வருடமாகச் சுருக்கிக் காட்டுவது என்னுடைய வேலையல்ல. ஏழாம் தரத்துப் பாடப்புத்தகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் நான் விஞ்ஞானம் படிப்பித்த வகுப்பில், டைனோசரைத் தன் பூட்டன் பார்த்திருப்பார் என்று ஒருவன் அடித்துச் சொன்னான். அதற்கு மற்றவர்கள் சிரிக்கவும் இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தில் ஆரம்பித்ததுதான் எல்லாம்.

கோயிலில் விற்கும் கலண்டர் ஒன்று வாங்கினேன். கற்பிட்டிப் பக்கத்தில் கத்தோலிக்கர் வீடு ஒவ்வொன்றிலும் தொங்குகிற, நாளுக்கொரு புனிதர் போட்ட கலண்டர். பன்னிரண்டு தாள்களையும் கிழித்து, வகுப்பின் நீளச் சுவரில் வரிசையாக ஒட்டினோம். பூமியின் நானூற்றறுபது கோடி வருடமும் அந்தச் சுவருக்குள் அடங்கவேண்டும். முதலாம் மாதம் முதலாம் திகதி தொடங்கும்போதே பூமி பிறக்கிறது. பன்னிரண்டாம் மாதக் கடைசி நாள், நடுச்சாமத்தில், இன்றைக்கு நாம் நிற்கிறோம். ஒரு நாள் என்றால் ஒன்றேகால் கோடி வருடம். ஒரு செக்கன், அதாவது ஒரு நொடி, என்றால் கிட்டத்தட்ட நூற்றைம்பது வருடம். பிள்ளைகள் பெருக்கிப் பிரித்து, தாள் தாளாகக் குறித்தார்கள்.

முதல் உயிர் மார்ச் கடைசியில் வந்தது. கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர். அதற்குப் பிறகு மாதக்கணக்காக வேறு ஒன்றையும் காணோம் என்று வகுப்பே அலுத்துப்போனது. மீன் நவம்பர் இருபது வாக்கில்தான் என்றதும் பெரிய சத்தம். எல்லாரும் கடல்காரர் வீட்டுப் பிள்ளைகள். "அதுவரைக்கும் கடலுக்குள்ள என்னதான் இருந்தது ரீச்சர்?" என்று ஒருத்தி என்னோடு சண்டைக்கு வந்தாள், ஏதோ நான்தான் மீனை ஒளித்துவைத்தமாதிரி. டைனோசர் டிசம்பர் பதின்மூன்று, லூசியம்மாள் திருநாளன்று வந்து, இருபத்தாறாம் திகதி பின்னேரத்தோடு முடிந்துபோனது.

அந்தச் சண்டைக்காரிதான் யேசு பிறந்ததைக் குறிக்கப் போனவள். நேரே போய் இருபத்தைந்தாம் திகதியில் ஊசி குத்தினாள். வகுப்பில் ஒருவருக்கும் அது பிழையாகப் படவில்லை. கலண்டரிலேயே சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறதே.

"அப்ப யேசு பிறந்ததுக்கு அடுத்த நாள்தான் டைனோசர் செத்தது, என்ன?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். பிறகு தானே கணக்குப் போட்டாள். இரண்டாயிரம் வருடம், பதினாலு செக்கன். ஊசியைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கடைசித் தாளின் கடைசிக் கட்டத்தில், விளிம்போடு குத்தினாள். "நடுச்சாமப் பூசைக்கு மணி அடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னுக்கு," என்றாள். அன்றிலிருந்து அந்தக் கணக்கு அவளுக்குக் கைப்பாடம். பெரியம்மாவின் கலியாணம், கோயில் கட்டியது, வீட்டு நாய் பிறந்தது, எதைச் சொன்னாலும் செக்கனில் எத்தனை பங்கு என்று சொல்வாள். நானும் பெருமைப்பட்டுக்கொண்டு திரிந்தேன்.

அவளுடைய அப்பா ஒரு செவ்வாய்க்கிழமை போட்டில் கடலுக்குப் போனார். கூடப் போகிறவருக்குக் காய்ச்சல் என்று தனியாகத்தான் போனார். மத்தியானத்துக்குப் பிறகு காற்று எழும்பிவிட்டது. மற்றப் போட்டுகள் வந்தன, அவருடையது வரவில்லை. நேவி தேடியது. ஊர்ப் போட்டுகள் எல்லாம் தேடின. வியாழக்கிழமை, கரையோரமாகத் தெற்கே உள்ள உடப்பு ஊர்க்காரர் ஃபோன் எடுத்தார்கள். போட் கவிழ்ந்து மிதக்கிறது, ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை அவள் பள்ளிக்கூடம் வந்தாள். வீடு முழுக்க அழுகை, அங்கே இருக்க ஏலாது என்று வந்திருக்கவேண்டும். அவளிடம் என்ன கதைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. ஆசிரியப் பயிற்சியில் இதற்கு ஒரு பாடமும் நடத்தவில்லை. இடைவேளைக்கு எல்லாரும் வெளியே போனபிறகு, அவள் சுவரடியில் நின்றபடி கேட்டாள்.

"ரீச்சர், செவ்வாய்க்கிழமையிலேருந்து இண்டைக்கு வரைக்கும் இந்தக் கலண்டர்ல எவ்வளவு?"

வாய் திறந்து ஏதோ கேட்டாளே என்று எனக்கு உயிர் வந்தது. வழக்கம்போல் வெண்கட்டியை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு செக்கனைப் பத்தாயிரம் துண்டாக்கினால், அதில் ஒரு துண்டுகூட முழுதாக இல்லை.

"அப்ப இன்னும் நேரமே போகல்ல," என்றாள்.

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கணக்கு சரிதானே. அவள் முகம் கொஞ்சம் தெளிந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த கிழமை சனிக்கிழமை காலை அவளுடைய அம்மா என் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"ரீச்சர், பங்குச் சுவாமி பூசை வைக்கச் சொல்றார். உடம்பு கிடைக்காட்டியும் ஆத்துமத்துக்குப் பூசை வைக்கத்தானே வேணும். இவள் விடமாட்டேங்கிறாள். அப்பாட படத்துக்கு முன்னால மெழுகுதிரி கொளுத்தினால் ஊதி அணைக்கிறாள். தகப்பனுக்குச் சோறு போட்டு மூடி வைக்கிறாள். கேட்டால் நேரம் போகல்லையாம், ரீச்சர் கணக்குப் போட்டுக் காட்டினவவாம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தலவில அன்னம்மாள் கோயிலுக்கும் போய் அழுதிட்டு வந்திட்டேன். என்ட பேச்சு அவளுக்கு ஏறாது. நீங்க வந்து சொல்லுங்க."

போகும் வழியெல்லாம் எனக்கு என்மேலேயே எரிச்சல். என்னத்தைச் சொல்வது? அந்தக் கணக்கில் அவளுடைய அப்பாவின் ஆயுள் முழுவதும் கால் செக்கன். அவர் பிறந்து, கடலுக்குப் போய், கலியாணம் முடித்து, இவளைப் பெற்று வளர்த்ததெல்லாம் ஒரு தடவை கண் இமைத்து முடிகிறதற்குள். அதைச் சொல்வதா? மலையும் மீனும் எப்போது வந்தன என்று விளங்கப்படுத்த ஒட்டிய கலண்டரில் ஒரு மனிதனைத் தேட விட்டது நான்தான். இப்போது அதிலிருந்து அவளை எப்படி வெளியே எடுப்பதென்று எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

அவள் வீட்டுப் பின்பக்கம் மணலில் இருந்தாள். பக்கத்தில் போய் நானும் இருந்தேன். கடல் அமைதியாகக் கிடந்தது, அதைப் பார்க்கவே ஆத்திரமாக இருந்தது.

"மகள், அந்தக் கலண்டர் கல்லுக்கும் மலைக்கும் போட்டது," என்றேன். "மனுசருக்கு அந்தக் கணக்கு சரிவராது."

"அப்ப மனுசருக்கு எது?"

"மனுசருக்கு நாள் எண்டால் நாள்தான். விடிஞ்சு பொழுதுபட்டால் ஒண்டு."

அவள் என்னையே பார்த்தாள். விளக்கம் கேட்பாள், சண்டை பிடிப்பாள் என்று நினைத்தேன். சண்டை பிடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவள் இடது கையை விரித்து, "செவ்வாய்" என்று சின்னவிரலை மடித்தாள். பிறகு புதன், வியாழன். அவசரப்படாமல், ஒவ்வொரு விரலாக மடித்துக்கொண்டு போனாள். ஞாயிறு வந்தபோது குரல் இறங்கியது. நான் சொல்லிக்கொடுத்த கணக்கைத்தான் போடுகிறாள்.

இரண்டாவது வியாழக்கிழமையோடு அவளுடைய விரல்கள் முடிந்துவிட்டன. மடித்த கைகளைப் பார்த்தாள். பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, என் சின்னவிரலை மடித்து, "வெள்ளி" என்றாள்.