நான் வெட்டிய நாலாவது கணக்கு

எனக்குச் சந்தேகப் புத்தி. ஆரியசாலைக் கடைத்தெருவில் கால் கிலோ மிளகாய் வாங்கினாலும் தராசில் எண் அசையாமல் நின்ற பிறகுதான் பையை விரிப்பேன். திருவனந்தபுரத்துக் கல்லூரி ஒன்றில் கெஸ்ட் லெக்சரராகக் கணக்கு எடுக்கச் சேர்ந்தபோது, அந்தப் புத்தியும் கூடவே வந்து சேர்ந்தது.

அந்த வாரம் இன்டர்னல் பரீட்சை. ஐந்து கணக்கு, ஐந்தும் லிமிட், ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். n பெரிதாகிக்கொண்டே போனால் எது எதை முந்தும் என்பதுதான் பாடம். மடக்கை என்கிற லாக்கைத் தன்னோடு தானே எத்தனை முறை பெருக்கினாலும் n-இன் ஒரு சின்ன அடுக்கிடம்கூடத் தோற்றுவிடும். n-இன் எந்த அடுக்கும், ஒன்றைவிடப் பெரிய எண்ணின் n-ஆம் அடுக்கிடம் தோற்றுவிடும். கால்குலேட்டருக்கு அனுமதி உண்டு. வகுப்பில் பாதிப்பேர் ஆயிரத்தைப் போட்டுப் பார்த்து விடை எழுதுகிறவர்கள்.

ஒரு பெண்ணின் தாளில் மட்டும் என் பேனா நின்றது. விழிஞ்ஞத்தில் துறைமுக வேலைக்காக நெல்லைப் பக்கமிருந்து வந்த குடும்பம். வகுப்பில் வாயே திறக்காதவள். முதல் மூன்று கணக்கிலும் அவள் எழுதிய வரிகள் என் விடைக்குறிப்பில் இருந்த வரிகளேதான், வரிசைகூட மாறவில்லை. நாலாவதை மட்டும் தப்பாக எழுதியிருந்தாள். வெட்டி, சுழி போட்டேன். ஐந்தாவதும் அப்படியே என்னுடையது.

பரீட்சைக்கு முந்தின நாள் ரெக்கார்டில் கையெழுத்து வாங்க அவள் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தது நினைவுக்கு வந்தது. நான் நகல் எடுக்கப் போயிருந்தேன். விடைக்குறிப்பு மேசை மேலேயே கிடந்தது. ஐந்து நிமிடம் அவள் தனியாக நின்றிருக்கிறாள். எல்லாம் பொருந்தியது. கள்ளி, ஒன்றை வேண்டுமென்றே தப்பாக எழுதியிருக்கிறாள் என்றுகூட நினைத்தேன்.

துறைத் தலைவரிடம் சொன்னேன். "ரிப்போர்ட் எழுதித் தரணும் டீச்சரே. இன்டர்னல் மார்க் கேன்சல், யூனிவர்சிட்டி பரீட்சையும் எழுத ஒக்காது" என்றார். ஒரு வருடம் போகும். அன்றைக்கே ரிப்போர்ட்டில் பாதியை எழுதிவிட்டேன். அவளை அழைத்து உட்கார வைத்தேன்.

"விடைக்குறிப்பைப் பாத்தியா?"

"இல்ல மிஸ். சத்தியமா நான் நோக்கல."

"பின்னே எப்படி வரிக்கு வரி அதே மாதிரி?"

"நீங்கதானே மிஸ் கிளாஸ்ல சொன்னீங்க, சந்தேகம் வந்தா லாக் எடுன்னு. எனக்கு அஞ்சுலயும் சந்தேகம். அதான் எல்லாத்துக்கும் எடுத்தேன்."

பதில் தயாராக வைத்திருந்தாள் என்று அதற்கும் சந்தேகப்பட்டேன். "அப்போ நாலாவது ஏன் தப்பாச்சு?"

அவள் தாளைத் தன் பக்கம் திருப்பினாள். n-இன் பத்தாம் அடுக்கை 1.01-இன் n-ஆம் அடுக்கால் வகுக்க வேண்டிய கணக்கு. அவள் விடை பூச்சியம். என் குறிப்பில் முடிவிலி. வகுப்பில் எல்லாரும் முடிவிலிதான்.

"தப்பில்ல மிஸ். லாக் எடுத்தா, பத்து லாக் n-லருந்து n லாக் 1.01-ஐக் கழிக்கணும். அந்த ரெண்டாவது லாக் சின்னதுதான், ஆனா n கூட இருக்கு அல்லே. கடைசில அதுதான் ஜெயிக்கும். அப்போ லாக் கீழ கீழ போகும், கணக்கு பூச்சியத்துக்குப் போகும்."

"ஆயிரம் போட்டுப் பாரு. மேலே ஒண்ணுக்குப் பின்னே முப்பது பூச்சியம். கீழே வெறும் இருபதாயிரத்துச் சொச்சம்."

"ரெண்டாயிரம் போட்டு நோக்குங்க மிஸ்."

போட்டேன். விடை இருபதில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. பத்தாயிரம் போட்டேன். மேலே நாற்பத்தோரு இலக்கம், கீழே நாற்பத்து நான்கு. ஆயிரத்தை ஒட்டி உச்சிக்குப் போய்விட்டு, பிறகு இறங்கிக்கொண்டே இருந்தது. நான் பார்த்தது அந்த உச்சியை. அவசரத்தில் ஆயிரத்தைப் போட்டுக் குறிப்பு எழுதியது நான்தான். லாக் எடு என்று ஊருக்கு உபதேசம் செய்தவள், குறிப்பில் மற்ற நாலுக்கும் எடுத்துவிட்டு இதற்கு மட்டும் எடுக்கவில்லை.

காது சூடாகிவிட்டது. அவள் என் குறிப்பைப் பார்த்திருந்தால் நாலாவதிலும் முடிவிலி எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருப்பாள். அவள் பார்க்கவில்லை என்பதற்கு இருந்த ஒரே சாட்சி, நான் சிவப்பு மையால் வெட்டிய அந்தக் கணக்கு. பாதி எழுதிய ரிப்போர்ட்டை அவள் முன்னாலேயே கிழித்தேன்.

"மன்னிச்சுக்கோம்மா" என்றேன். "சாரமில்ல மிஸ்" என்றாள், பரவாயில்லை என்கிற மாதிரி, முகத்தைப் பார்க்காமல். சுழியை அடித்து முழு ஐந்து மதிப்பெண்ணும் போட்டு, மொத்தத்தைத் திருத்திக் கொடுத்தேன்.

அவள் போகவில்லை. நின்றபடியே ஐந்து கணக்கின் மதிப்பெண்களையும் விரலால் தொட்டுக் கூட்டினாள். மறுபடியும் ஒருமுறை கூட்டினாள். பிறகு திருத்திய இடத்தைக் காட்டி, "இங்க ஒரு ஒப்பு போட்டுத் தாங்க மிஸ்" என்றாள். போட்டேன். கையெழுத்தின் மை காயும்வரை காத்திருந்து, போனில் படம் எடுத்துக்கொண்டுதான் தாளை என் கையில் தந்தாள்.