பத்து மணிக்கு மேல் கரம் ஆடாதீர்கள்

பதுளையில் நாங்கள் இருந்தது பலகை வைத்து இரண்டாக மறித்த ஒரு வாடகை வீடு. பலகைக்கு அந்தப் பக்கத்துக் குடும்பம் இராத்திரி கடையை மூடிவிட்டு வரும். பிறகு கூட்டாளிமார் கூடி கரம் போர்டில் காய் அடித்து ஆடுவார்கள். காய் மோதும் ஒவ்வொரு சத்தமும் எங்கள் தலையணைக்குள் விழும்.

என் வீட்டுக்காரர் வெலிமடைக்கு முதல் பஸ் ஓட்டுகிறவர். தூக்கம் கெட்டு ஒருநாள் வளைவில் பஸ்ஸை மண்மேட்டில் உரசிவிட்டார். "இன்னொரு தடவ இப்படியாச்சுனா சாவியக் குடுத்துட்டுப் போ" என்று சொல்லிவிட்டார் முதலாளி. அந்தக் கோபத்தில் இவர் பலகையைத் தட்டித் திட்டப்போய், இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது. அதனால்தான் கடிதம்.

ஞாயிறு மத்தியானம் எழுதினேன். "உங்களுக்கு மனசாட்சி இல்லையா? எப்போதும் இப்படித்தான். பொறுப்பில்லாத கூட்டம்."

இவருக்கு வாசித்துக் காட்டினேன். "இதக் குடுத்தா நாளைக்கு பொலிஸ்ல வச்சுத்தான் பாத்துக்குவோம்" என்றார். "எனக்குத் தூக்கம் வேணும்டி, சண்ட வேணாம்."

கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். மனசாட்சியையும் "எப்போதும்" என்பதையும் எடுத்துவிட்டேன். அவர்களைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் கஷ்டத்தைச் சொன்னேன்: "இவர் விடியுமுன் எழும்பி பஸ் ஓட்டப் போகிறவர். கரம் சத்தத்தில் தூங்க முடியவில்லை. அன்றைக்குத் திட்டியதற்கு மன்னிக்க வேண்டும். விளையாட வேண்டாம் என்று சொல்லவில்லை. பத்து மணிக்கு மேல் மட்டும் நிறுத்திக்கொண்டால் பெரிய உதவி. எங்கள் பக்கத்தில் தொந்தரவு ஏதும் இருந்தால் நீங்களும் தயங்காமல் சொல்லுங்கள்." கடைசி வரி மரியாதைக்காக எழுதியது.

அவர்கள் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தேன். அன்றைக்கே இராத்திரி பத்து மணிக்குச் சத்தம் நின்றது. மறுநாள் தண்ணிப் பைப்படியில் அந்த வீட்டுப் பெண் குடத்தை வைத்துவிட்டு வந்தாள்.

"கடுதாசி கெடச்சுச்சுக்கா. இனிமே பத்துக்கு மேல ஆட மாட்டாங்க."

"ரொம்ப சந்தோஷம்மா."

"நீங்களே சொல்லச் சொல்லி எழுதியிருந்தீங்க, அதான் சொல்றேன். விடியுமுன்ன அம்மியில தேங்காச் சம்பல் அரைக்கிறீங்கள்ல, கைப்புள்ள முழிச்சுக்கிட்டுக் கத்துது. பொறந்ததுலேருந்து இதே பாடுதான்."

"கரம் சத்தத்துக்கு முழிக்கலையா?"

"அதுக்குப் பழகிருச்சுக்கா. அம்மிக்குத்தான் பழகல."

எழுதிக் கொடுத்தவளே நான். கேட்டதை அவர்கள் கொடுத்துவிட்டார்கள். நானும் விடியற்கால அம்மியை விட்டுக்கொடுத்தேன்.

முதல்நாள் சாயந்தரமே அரைத்து வைத்த சம்பல் காலையில் ஒரு மாதிரி வாடை அடித்தது. இவர் தொடவில்லை. வெலிமடையில் பஸ்ஸை நிறுத்தி, பேக்கரிக் கடையில் பணிஸ் வாங்கிப் பால் போடாத தேத்தண்ணியோடு தின்றார். நன்றாகத் தூங்கினார், வேலையும் தப்பியது. ஆனால் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

"முந்தின கடுதாசியவே குடுத்திருக்கலாம்" என்றார் ஒருநாள், சட்டைப் பொத்தானைப் போட்டபடி. "திட்டு வாங்கினவன் திருப்பித் திட்டுவான், அதோட முடிஞ்சிரும். இப்ப வீட்டுல ஒரு வாய் சம்பலுக்கு வழியில்ல."

நான் அம்மிக் குழவியைச் சத்தமில்லாமல் சுவரோரம் தள்ளிவைத்தேன். பலகைக்கு அப்பால் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.